சாம்பிள் பார்சல் எங்கே நின்றது? கூரியர் டிராக்கிங்கை ஹப் நேரத்திலிருந்து நம் நேரத்துக்கு மாற்றிப் படிக்கும் முறை

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. நியூயார்க் பையருக்கு அனுப்பிய பிபி சாம்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். டிராக்கிங் பக்கத்தின் மேல் வரியில் "சின்சினாட்டி வந்தது, வெள்ளி 10:45" என்று இருக்கிறது. எங்கள் மேசையில் புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, காலையில பத்தே முக்காலுக்கு வந்ததுங்க, பத்து மணி நேரமா நகரவே இல்லீங்க" என்று கூரியர் ஆபீஸுக்குப் போன் போட எழுந்துவிட்டான்.

உண்மையில் அந்தப் பார்சல் அங்கே வந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. 10:45 என்பது சின்சினாட்டியின் காலை. அந்த நொடியில் நம் கடிகாரத்தில் இரவு 8:15. அவன் பத்து மணி நேரத் தாமதம் என்று நினைத்த இடத்தில் தாமதமே இல்லை. ஆனால் அதே பார்சலுக்கு வேறொரு இடத்தில் உண்மையான தாமதம் நடந்திருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒரு பார்சலை வைத்தே முறையை முழுதாகச் சொல்கிறேன்.

முதலில்: வரிகளை அப்படியே இறக்கி எழுதுங்கள்

டிராக்கிங் பக்கத்தில் கடைசியாக நடந்தது மேலே இருக்கும். அதைத் தலைகீழாக மாற்றி, பிக்கப்பிலிருந்து தொடங்கி வரிசையாக ஒரு ஷீட்டில் எழுதுங்கள். இடமும் நடந்ததும் A பத்தியில், திரையில் உள்ள தேதியும் நேரமும் B பத்தியில் என்று இரண்டே பத்தி போதும். மனசுக்குள் கணக்குப் போட்டு மாற்றிய நேரத்தை இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். திரையில் இருப்பதை இருப்பது போலவே எழுத வேண்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம். சில பக்கங்களில் தேதி அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். 03/12 என்றால் மார்ச் 12, டிசம்பர் 3 அல்ல. அப்புறம், முதல் வரியாகத் தெரியும் "லேபிள் தயார்", "விவரம் பெறப்பட்டது" போன்றவை பார்சலின் அசைவே கிடையாது. நாம் கம்ப்யூட்டரில் ஏர்வே பில் அடித்த நேரம் அது. பெட்டி இன்னும் நம் பேக்கிங் மேசையில் இருக்கலாம். கணக்கைப் பிக்கப் ஸ்கேனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திரையில் இருப்பது யாருடைய நேரம் என்று உறுதி செய்யுங்கள்

பெரிய கூரியர்கள் பொதுவாக ஒவ்வொரு ஸ்கேனையும் அது நடந்த ஊரின் நேரத்திலேயே காட்டுகிறார்கள். ஆனால் எல்லாத் தளமும் அப்படி இல்லை. சில தளங்கள் பார்ப்பவரின் போன் அல்லது கம்ப்யூட்டர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். பல கூரியர்களை ஒரே இடத்தில் காட்டும் தளங்களில் சில வரி மாறியும் சில வரி மாறாமலும் வரலாம். அதனால் எப்போதும் கூரியரின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள். அதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

சோதிப்பது சுலபம். ஏற்கெனவே டெலிவரி முடிந்த பழைய பார்சல் ஒன்றை எடுத்து, டெலிவரி ஆன நேரத்தைப் பாருங்கள். நியூயார்க் அலுவலகத்தில் 11:42-க்குக் கையெழுத்து வாங்கியதாக இருந்தால் அது அந்த ஊர் நேரம். இரவு 9:12 என்று இருந்தால் தளம் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டது. அந்த வேளையில் அங்கே ரிசப்ஷனில் பெட்டி வாங்க ஆள் இருக்காது. இன்னும் சந்தேகம் என்றால் போனின் டைம் ஜோனை வேறு நாட்டுக்கு மாற்றிப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். நேரங்கள் மாறினால், அது பார்ப்பவரின் நேரம்.

ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும்

நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5:30 முன்னால் ஓடுகிறது, வருடம் முழுவதும் அது மாறாது. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவை கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும். ஆகவே அந்த ஊர்களின் நேரத்தை நம் நேரமாக்க, கூட்ட வேண்டியது இவ்வளவு:

| ஹப் | குளிர்காலம் | கோடைக்காலம் |
|---|---|---|
| லைப்சிக், கொலோன், பாரிஸ் | 4:30 | 3:30 |
| ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் (இங்கிலாந்து) | 5:30 | 4:30 |
| சின்சினாட்டி, லூயிவில், நியூயார்க் | 10:30 | 9:30 |
| மெம்பிஸ் | 11:30 | 10:30 |
| துபாய் | 1:30 | 1:30 |

ஹாங்காங்கிலிருந்து லேபிள், டேக் வரவழைப்பவர்கள் அங்குள்ள நேரத்திலிருந்து 2:30 கழிக்க வேண்டும். அது நமக்கு முன்னால் ஓடுகிற ஊர். அமெரிக்கா என்றாலே நியூயார்க் நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மெம்பிஸ் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் 5:30-ல் உள்ள அந்த அரை மணி நேரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இதில் அதிகம் பேர் தவறுவது மார்ச்சில். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் மாற்றுகிறது. 2026-ல் அவை மார்ச் 8, மார்ச் 29. நடுவிலுள்ள மூன்று வாரமும் அமெரிக்காவுக்குக் கோடைக் கணக்கு, ஜெர்மனிக்குக் குளிர்காலக் கணக்கு. லைப்சிக்குக்கும் சின்சினாட்டிக்கும் வழக்கமாக ஆறு மணி நேர வித்தியாசம். அந்த மூன்று வாரம் மட்டும் ஐந்து. இலையுதிர்காலத்திலும் இப்படி ஒரு வாரம் உண்டு: ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு பழைய நேரத்துக்குத் திரும்பும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும்.

மாற்றி எழுதுங்கள்

ஷீட்டில் B பத்தியில் திரை நேரம், C பத்தியில் கூட்ட வேண்டியது, D பத்தியில் நம் நேரம், E பத்தியில் முந்தின வரியிலிருந்து ஆன இடைவெளி:

```
D2: =B2+C2
E3: =D3-D2
```

E பத்திக்கு `[h]:mm` என்ற வடிவம் கொடுங்கள். வெறும் `h:mm` கொடுத்தால் 24 மணி நேரம் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும், 26 மணி நேர நிறுத்தம் இரண்டு மணி நேரமாகத் தெரியும்.

நம் பார்சலின் கணக்கு இப்படி வந்தது. எல்லாம் 2026 மார்ச்.

| இடம், நடந்தது | திரையில் | நம் நேரம் |
|---|---|---|
| திருப்பூர், பிக்கப் | செவ்வாய் 10, 18:10 | அதுவே |
| பெங்களூரு, வந்தது | புதன் 11, 04:40 | அதுவே |
| பெங்களூரு, கூடுதல் ஆவணம் தேவை | புதன் 11, 13:05 | அதுவே |
| பெங்களூரு, கிளியரன்ஸ் முடிந்தது | புதன் 11, 17:40 | அதுவே |
| பெங்களூரு, புறப்பட்டது | புதன் 11, 22:30 | அதுவே |
| லைப்சிக், வந்தது | வியாழன் 12, 06:15 | வியாழன் 10:45 |
| லைப்சிக், புறப்பட்டது | வெள்ளி 13, 04:20 | வெள்ளி 08:50 |
| சின்சினாட்டி, வந்தது | வெள்ளி 13, 10:45 | வெள்ளி 20:15 |
| சின்சினாட்டி, புறப்பட்டது | சனி 14, 03:50 | சனி 13:20 |
| நியூயார்க், வந்தது | சனி 14, 06:35 | சனி 16:05 |
| நியூயார்க், டெலிவரி | திங்கள் 16, 11:42 | திங்கள் 21:12 |

ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் பிரித்துப் பாருங்கள்

இடைவெளியில் இரண்டு வகை உண்டு. ஓர் ஊரில் புறப்பட்டு அடுத்த ஊரில் வந்தது வரை ஓட்டம். ஒரே ஊரில் வந்ததிலிருந்து புறப்பட்டது வரை நிறுத்தம். திரை நேரம் நம்மை ஏமாற்றுவது ஓட்டத்தில் மட்டும்தான். நிறுத்தத்தின் இரண்டு முனையும் ஒரே கடிகாரத்தில் இருப்பதால், திரையில் கழித்தாலே சரியாக வந்துவிடும்.

ஓட்டத்தைப் பாருங்கள். பெங்களூரு 22:30, லைப்சிக் 06:15. திரையில் 7:45 மணி நேரம் போலத் தெரிகிறது, உண்மையில் 12:15. லைப்சிக் 04:20, சின்சினாட்டி 10:45. திரையில் 6:25 மணி நேரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது போல இருக்கும், உண்மையில் 11:25. "புறப்பட்டது" என்ற ஸ்கேன் விமானம் கிளம்பிய நேரம் அல்ல, பெட்டி அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறிய நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். விமானத்தில் ஏற்றுவது, இறக்குவது, அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குள் போவது எல்லாம் இந்த 11:25-க்குள் அடக்கம்.

ஓட்டம் அதிகமா குறைவா என்று சொல்ல, அதே வழியில் போன உங்கள் முந்தின பார்சல்தான் சரியான அளவுகோல். முந்தின வாரம் நாங்கள் அனுப்பியது லைப்சிக்கை வியாழன் மார்ச் 5, 04:25-க்கு விட்டுச் சின்சினாட்டிக்கு 09:50-க்கு வந்தது. இந்த வாரம் 04:20-க்குக் கிளம்பி 10:45. திரையைப் பார்த்தால் இந்த வாரம் ஒரு மணி நேரம் தாமதம் என்றுதான் தோன்றும். ஆனால் நடுவில் மார்ச் 8 வந்துவிட்டது. முந்தின வாரத்துக்கு 10:30 கூட்ட வேண்டும், இந்த வாரத்துக்கு 9:30. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே சரியாக 11:25. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

நிறுத்தத்தை மணியால் அளக்காதீர்கள், இரவால் அளங்கள்

இதுதான் முக்கியமான இடம். பெரிய விமான ஹப்கள் இரவில் வேலை செய்பவை. பல ஊர்களிலிருந்து விமானங்கள் முன்னிரவிலும் நள்ளிரவிலும் வந்து சேரும். நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் பெட்டிகளைப் பிரித்து அடுத்த விமானங்களில் ஏற்றிவிடுவார்கள். விடிந்த பிறகு வந்த பெட்டிக்கு அன்றைய வண்டி போய்விட்டது என்று பொருள். பெரும்பாலும் அது அடுத்த இரவுக்காகக் காத்திருக்கும்.

எனவே ஹப்பில் 17 மணி நேரம் நின்றதா, 22 மணி நேரம் நின்றதா என்று பார்த்தால் ஒன்றும் புரியாது. அந்த ஊர்க் கணக்கில் எத்தனை இரவு தாண்டியது என்று பாருங்கள். ஓர் இரவு தாண்டினால் சாதாரணம். வேலைநாளின் இரவு இரண்டு தாண்டியும் பெட்டி நகரவில்லை என்றால் அது உண்மையான தாமதம், அப்போது போன் போடலாம். சனி, ஞாயிறு இரவுகளில் பல வழித்தடங்களில் விமானம் குறைவு. அந்த இரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த நாள் விடுமுறை என்பதும் அந்த ஊர்க் காலண்டர்படிதான். நம் பொங்கல் லைப்சிக்கை நிறுத்தாது, அவர்களுடைய ஈஸ்டர் நிறுத்தலாம்.

நம் பார்சல் சின்சினாட்டிக்குக் காலை 10:45-க்கு வந்து மறுநாள் 03:50-க்குப் புறப்பட்டது. 17:05 மணி நேரம், ஆனால் ஒரே இரவு. சாதாரணம். லைப்சிக்கில் 06:15-க்கு வந்து மறுநாள் 04:20 வரை 22:05 மணி நேரம். அதுவும் ஒரே இரவுதான். லைப்சிக்கின் வேலையில் குறை எதுவும் இல்லை. பெட்டி வந்த நேரம்தான் பிசகு.

முந்தின வாரத்துப் பெட்டி லைப்சிக்குக்கு 00:50-க்கு வந்து 04:25-க்குக் கிளம்பிவிட்டது, 3:35 மணி நேர நிறுத்தம். இந்த வாரம் வந்தது 06:15. ஐந்தரை மணி நேரம் பிந்தி வந்ததால் ஓர் இரவு முழுதாகப் போயிற்று. இனி பின்னோக்கிப் போங்கள்: ஏன் பிந்தியது? ஓட்டம் சரியாகவே இருந்தது; முந்தின வாரம் 12:10, இந்த வாரம் 12:15. ஆக, பெங்களூருவிலிருந்தே பிந்திக் கிளம்பியிருக்கிறது. முந்தின வாரம் 17:10, இந்த வாரம் 22:30.

பெங்களூருவில் என்ன நடந்தது என்பதை நடுவிலுள்ள இரண்டு வரி சொல்கின்றன. 13:05-க்குக் கூடுதல் ஆவணம் கேட்டிருக்கிறார்கள், 17:40-க்கு முடிந்திருக்கிறது. இடைவெளி 4:35. மொத்தப் பட்டியலில் கண்ணை உறுத்தாத சின்ன எண்களில் ஒன்று. ஆனால் உண்மையான தாமதம் அதுதான். இன்வாய்ஸில் எங்கள் தையல் யூனிட்டின் பெயர் இருந்தது, ஐஇசி சான்றில் கம்பெனியின் பெயர். பெயர் ஒத்துப்போகவில்லை என்று மெயில் வந்தபோது டாக்குமென்டேஷன் மேசையில் ஆள் சாப்பிடப் போயிருந்தார், திரும்பி வந்து பார்த்துச் சரியான இன்வாய்ஸை அனுப்பியபோது நாலு மணி தாண்டிவிட்டது.

அந்த 4:35 என்ன செய்தது என்று தொடர்ந்து பாருங்கள். மாலை அனுப்பும் சரக்கில் சேராமல் இரவுக்குத் தள்ளியது. அதனால் லைப்சிக்கில் வியாழன் விடியற்காலைப் பிரிப்பு தவறி வெள்ளி ஆனது. அதனால் நியூயார்க்குக்குப் பெட்டி சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தது, பையர் அலுவலகம் மூடியிருந்தது. வெள்ளி மதியம் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய சாம்பிள் திங்களுக்குப் போயிற்று. நான்கரை மணி நேரம் மூன்று நாள் ஆனது இப்படித்தான். மிகப் பெரிய இடைவெளியைத் தேடிப் போயிருந்தால் லைப்சிக்கையோ வார இறுதியையோ குற்றம் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே இன்வாய்ஸை அனுப்பியிருப்போம்.

ஏமாற்றும் வரிகள்

சில வரிகளை அப்படியே நம்பக் கூடாது. சேருமிட நாட்டின் கஸ்டம்ஸ் வேலை, பெட்டி விமானத்தில் இருக்கும்போதே ஆவணங்களை வைத்துத் தொடங்கிவிடும். அதனால் பெட்டி இன்னும் அட்லாண்டிக்குக்கு மேல் இருக்கும்போதே "சின்சினாட்டி, கிளியரன்ஸ்" என்று ஒரு வரி வரலாம். வரிசை குழம்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கணக்கிடும்போது வந்தது, புறப்பட்டது என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டம்ஸ் வரிகளை, பெங்களூருவில் பார்த்தது போல, நிறுத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

"புறப்பட்டது" என்று வந்த பிறகும் பெட்டி கிளம்பாமல் இருக்கலாம். விமானத்தில் இடம் போதாமல் சில கண்டெய்னர்களை இறக்கிவிடுவதுண்டு. அதே ஊரில் "வந்தது" அல்லது "புறப்பட்டது" இரண்டாவது முறை வந்தால் இதுதான் நடந்திருக்கும். அப்படி வரி எதுவும் வராமல், வழக்கமான ஓட்ட நேரத்துக்கு மேல் இன்னும் ஒரு நாள் அடுத்த ஊரில் ஸ்கேன் இல்லாமல் இருந்தாலும் இதே சந்தேகம் சரிதான்.

"திங்கள் மாலைக்குள் டெலிவரி" என்று காட்டும் தேதியும் சேரும் ஊரின் கணக்கு. மார்ச் நடுவில் நியூயார்க் மாலை ஆறு மணி என்பது நமக்குச் செவ்வாய் விடியற்காலை 3:30. திங்கள் மாலை நாம் வீட்டுக்குக் கிளம்பும்போது அங்கே அப்போதுதான் அலுவலகம் திறந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் "இன்னும் டெலிவரி ஆகவில்லை" என்று பையருக்கு மெயில் போடாதீர்கள். செவ்வாய் காலை வந்து பார்த்தால் போதும்.

கூரியரிடம் கேட்கும்போது

இரவுக் கணக்கில் தாமதம் உறுதியானால் மட்டும் போன் போடுங்கள். போட்டால் ஊரின் பெயரையும் அந்த ஊர் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்: "லைப்சிக்கில் வியாழன் உள்ளூர் நேரம் காலை ஆறேகாலுக்கு வந்ததுங்க, வியாழன் இரவும் வெள்ளி இரவும் போச்சு, புறப்பட்ட ஸ்கேன் இல்லை. அங்கே எதுக்காக நிறுத்தியிருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க." அந்தப் பக்கம் இருப்பவர் திரையில் காண்பதும் அதே உள்ளூர் நேரம்தான், அதனால் உடனே கண்டுபிடித்துவிடுவார். "ரெண்டு நாளா நகரல" என்று மட்டும் சொன்னால், வழியில் இருக்கிறது என்ற பதிலோடு போன் முடிந்துவிடும்.

முடிந்த ஒவ்வொரு பார்சலுக்கும் ஷீட்டில் ஒரே ஒரு வரி சேர்த்து வையுங்கள்: பெங்களூரு புறப்பட்ட நேரம், ஒவ்வொரு ஓட்டத்தின் மணி, எந்த ஹப்பில் எத்தனை இரவு. பத்துப் பார்சல் சேர்ந்ததும் உங்கள் வழித்தடத்துக்கு எது வழக்கம் என்பது தெரிந்துவிடும். எங்கள் ஷீட்டில் இப்போது இன்னொரு பத்தியும் இருக்கிறது. இன்வாய்ஸில் உள்ள பெயரும் ஐஇசியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து, பிக்கப்புக்கு முன் அந்தத் தம்பிதான் அதில் டிக் அடிக்கிறான்.